காஜி பதவியும் வெள்ளிக்காசுக் கணக்கும்

கேள்வி: ஒட்டோமான் சாம்ராஜ்யத்தின் நீதிபதிகளான காஜிகள் சுல்தானிடம் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர்கள்தானே? அவர்களுக்குள் பெரியவர், சின்னவர் என்று தரம் பிரித்தது எப்படி?

பதில்: நியமனம் அரசுடையது, சரி. சம்பளம் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. ஒரு ஊரின் காஜி பதவிக்கு நாளொன்றுக்கு 150 அக்சே (சிறு வெள்ளிக்காசு) என்று ஏட்டில் எழுதியிருப்பார்கள். அது கஜானாவிலிருந்து வரும் பணமல்ல. அந்தப் பதவியின் தரத்தைச் சொல்லும் எண். காஜியின் வருமானம், பத்திரம் எழுதவும் பாகப்பிரிவினை செய்யவும் வருகிற மக்கள் கட்டும் கட்டணம். மதரஸா ஆசிரியருக்கு மட்டும் உண்மையிலேயே தினக்கூலி உண்டு. அதையும் கொடுத்தது அறக்கொடையாக விடப்பட்ட வக்ஃபு சொத்து.

காஜிகளின் தரமும் அவர்கள் முதலில் கற்பிக்கும் மதரஸாவிலேயே ஆரம்பித்துவிடும். 20 அக்சே, 30, 40 என்று ஆசிரியர் பதவிகள் ஏறும். இஸ்தான்புல்லில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கட்டிய எட்டு மதரஸாக்களில் 50. படித்து முடித்தவுடன் வேலை கிடைக்காது. மார்க்க அறிஞரான பெரிய உலமா ஒருவரின் வழியாகக் காத்திருப்போர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அப்புறம் ஒரு முக்கியமான முடிவு: சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று கீழ்ப்படியிலேயே கற்பித்தலை விட்டவர், சிற்றூர் காஜியாகப் போவார், பெரும்பாலும் கடைசிவரை அந்த வட்டத்திலேயே சுற்றுவார். பொறுமையாக மேல் மதரஸாவரை கற்பித்தவருக்கே பர்ஸா, எதிர்னே, இஸ்தான்புல் போன்ற பெருநகரங்களின் காஜி பதவி. அதற்கு மேல் தலைமை நீதிபதிகளான இரண்டு காஜி அஸ்கர்கள், ஒருவர் பால்கன் பக்கத்துக்கு, மற்றவர் அனத்தோலியாவுக்கு. உச்சியில், மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தலைமை முஃப்தியான ஷேக்குல் இஸ்லாம்.

ஆட்கள் பெருகினார்கள், பதவிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. எனவே பதவிக்காலத்தைச் சுருக்கினார்கள்: 17ஆம் நூற்றாண்டில் சிற்றூர் காஜிக்குச் சுமார் 20 மாதம், பெருநகரத்தில் ஒரே வருடம். காலம் முடிந்ததும் தலைநகருக்கு வந்து மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும் காலத்துக்கும் சேர்த்து, கையிலிருக்கும் 20 மாதத்தில் கட்டணம் வசூலித்தாக வேண்டும். மக்கள் புகார் சொன்னதில் என்ன ஆச்சரியம்?

பெரிய உலமாக்களின் பிள்ளைகளுக்கோ வரிசையே கிடையாது. நேராக மேல்படியில் கால் வைத்தார்கள். தொட்டில் உலமா என்று கேலிப் பெயரே வந்தது. இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஃபைசுல்லா எஃபெண்டி. சுல்தான் இரண்டாம் முஸ்தஃபாவின் ஆசானாக இருந்தவர், 1695இல் ஷேக்குல் இஸ்லாம் ஆனார். பிள்ளைகளை உயர்பதவிகளில் அமர்த்தியதோடு விடாமல், மூத்த மகனைத் தன் வாரிசாகவும் அறிவிக்க வைத்தார். சுல்தானுக்கு வாரிசு இருக்கலாம், தலைமை முஃப்திக்குமா? வரிசையில் நின்ற மற்ற உலமாக்களுக்கு வயிறு எரிந்தது. 1703இல் சம்பளபாக்கிக்காகப் படைவீரர்கள் கிளர்ந்தபோது அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஃபைசுல்லா கொல்லப்பட்டார், சுல்தானும் பதவி இழந்தார்.

குடும்ப ஆட்சி ஒழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஃபைசுல்லாவின் மகன் முஸ்தஃபா 1736இல் ஷேக்குல் இஸ்லாம் ஆனார். 1750இல் இன்னொரு மகன் முர்தசா.