ஸ்டாண்ட்பை எல்சி டிராஃப்ட்டில் தேதியும் இடமும்

கேள்வி: 60 நாள் கடனில் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறோம், கடைசி ஷிப்மெண்ட் ஜூன் 30. வாங்குபவர் பணம் தராவிட்டால் தான் தருவதாக உறுதி சொல்லும் ஸ்டாண்ட்பை எல்சியின் டிராஃப்ட்டை அவரது வங்கி அனுப்பியிருக்கிறது. எல்சிகளுக்கான சர்வதேச விதிகளான யூசிபி 600 பொருந்தும், ஆகஸ்ட் 31-ல் "எங்கள் கவுண்டரில்", அதாவது அந்த வங்கியின் கவுண்டரில், காலாவதி என்று போட்டிருக்கிறார்கள். இன்வாய்ஸ் கெடு தாண்டி 15 நாள் ஆகியும் பணம் வரவில்லை என்ற எங்கள் சான்றும், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் ஒரிஜினலும் கேட்கிறார்கள். ஓகே சொல்லலாமா?

பதில்:

இப்படியே ஓகே சொல்லாதீர்கள். இந்த டிராஃப்ட்டை வைத்து உங்களால் ஒரு இன்வாய்ஸுக்குக்கூடப் பணம் கேட்க முடியாது.

முதலில் தேதியைப் பார்ப்போம். பணம் கேட்க முடிகிற முதல் நாள் எது என்று கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து காலாவதித் தேதியை நோக்கிப் போக வேண்டும். ஜூன் 30-ல் போன சரக்கின் இன்வாய்ஸுக்கு 60 நாள் கெடு ஆகஸ்ட் 29-ல் முடிகிறது. அதற்கு மேல் 15 நாள் காத்திருந்தால்தான் சான்று எழுத முடியும், அது செப்டம்பர் 13. எல்சியோ ஆகஸ்ட் 31-லேயே முடிந்துவிடுகிறது. கடைசி ஷிப்மெண்ட்டுக்குப் பாதுகாப்பே இல்லை. முன்கூட்டியே சான்று எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது பொய்ச் சான்று ஆகிவிடும்.

செப்டம்பர் 13 என்று மாற்றினாலும் போதாது. கொரியருக்கு ஒரு வாரம் ஆகும். ஆவணங்களைச் சரிபார்க்க யூசிபி 600 வங்கிக்கு ஐந்து வங்கி வேலை நாள் வரை தருகிறது. ஏதாவது குறை சொல்லித் திருப்பினால், திருத்தி மறுபடி கொடுப்பதும் காலாவதிக்குள் நடக்க வேண்டும். நானாக இருந்தால் அக்டோபர் 15 கேட்பேன். தேதி நீண்டால் அவர்களுக்குக் கமிஷன் கூடும், அதனால் பேரம் வரும். அப்போது அந்த 15 நாள் காத்திருப்பை எடுத்துவிடச் சொல்லிப் பாருங்கள், அதில் விட்டுக்கொடுப்பது அவர்களுக்கும் எளிது.

அடுத்தது ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங். எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். கடனுக்கு விற்கும்போது ஒரிஜினலை வாங்குபவருக்கு அனுப்பினால்தான் அவரால் சரக்கை எடுக்க முடியும். பிறகு பணம் கேட்கும் நாளில் உங்கள் கையில் அது இருக்காது. ஒரு ஒரிஜினலை நிறுத்தி வைத்தாலும் பயனில்லை. யூசிபி 600-ன் 14-வது பிரிவுப்படி, ஒரிஜினல் போக்குவரத்து ஆவணம் இருந்தால் ஷிப்மெண்ட் தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் சமர்ப்பித்தாக வேண்டும். ஜூன் 30 சரக்குக்கு அது ஜூலை 21. இன்வாய்ஸ் கெடுவே அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் வருகிறது. எந்த ஷிப்மெண்ட்டை எடுத்தாலும் இதே கதைதான். பணம் வரவில்லை என்று சொல்லத் தகுதி வரும் முன்பே கதவு மூடிவிடும்.

எனவே "பில் ஆஃப் லேடிங் நகல்" என்று மாற்றுங்கள். நகலுக்கு அந்த 21 நாள் விதி பொருந்தாது. அதைவிட நல்லது, உங்கள் சான்றும் பணம் வராத இன்வாய்ஸின் நகலும் மட்டும் போதும் என்று வைப்பது. சான்றின் வாசகத்தை டிராஃப்ட்டிலேயே முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு அதை அப்படியே நகலெடுத்துக் கையெழுத்திட்டால் சரி. வாங்குபவரின் கையெழுத்து தேவைப்படும் எந்த ஆவணத்தையும் ஏற்காதீர்கள். பணம் தராதவர் கையெழுத்தும் தர மாட்டார்.

அப்புறம் "எங்கள் கவுண்டரில்". உங்கள் ஊர் வங்கி எல்சியை அட்வைஸ் மட்டும் செய்கிறது, அதாவது உங்களுக்குத் தெரிவிப்பதோடு சரி என்றால், கடைசி நாளில் ஆவணங்களை அங்கே கொடுத்து ரசீது வாங்கினாலும் அது சமர்ப்பிப்பு ஆகாது. வழங்கிய வங்கியின் கவுண்டருக்குக் காலாவதிக்குள் போய்ச் சேர வேண்டும், வழியில் தாமதமானால் நஷ்டம் உங்களுடையது. உங்கள் வங்கியை, ஆவணங்களைப் பெற அதிகாரம் உள்ள நியமன வங்கியாகப் போட்டு, காலாவதி இடத்தையும் அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால், உங்கள் வங்கி வழியாக ஸ்விஃப்ட் செய்தியில் கோரிக்கை அனுப்பலாம், காகித ஒரிஜினல் தேவையில்லை என்ற வரியாவது வேண்டும். கூடவே வழங்கும் வங்கியின் முழு முகவரியும் எந்தப் பிரிவு என்பதும் இருக்க வேண்டும். பெரிய வங்கியின் தவறான கிளையில் கவர் இறங்கினால் நாட்கள் அங்கேயே போய்விடும்.

முடிந்தால் யூசிபிக்குப் பதில் ஐஎஸ்பி 98 என்ற விதித் தொகுப்பைக் கேளுங்கள். அது ஸ்டாண்ட்பைக்கென்றே எழுதப்பட்டது, 21 நாள் விதி அதில் இல்லை. கடைசி நாளில் சமர்ப்பிக்கும் இடம் எந்தக் காரணத்தால் மூடியிருந்தாலும், எல்சி வேறு விதமாகச் சொல்லாதவரை, மறுபடி திறந்த பின் 30 நாள் அவகாசம் தருகிறது. யூசிபியில் கலவரம், வேலைநிறுத்தம் போன்றவற்றால் வங்கி மூடியிருக்கும்போது எல்சி காலாவதியானால், திறந்த பிறகும் வங்கி பணம் தர வேண்டியதில்லை.

இவற்றை எல்சி வெளியிடப்படும் முன்பே எழுத்தில் அனுப்பி, திருத்திய டிராஃப்ட்டை வாங்கிப் பாருங்கள். வெளியிட்ட பிறகு என்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வழங்கும் வங்கி சம்மதிக்க வேண்டும், கட்டணமும் உண்டு.