அப்பாவின் திருச்சி வீடு: என் பங்கைக் கனடாவுக்கு அனுப்புவது எப்படி?

“அப்பா 1995இல் வாங்கிய வீட்டை நானும் மதுரைத் தங்கையும் 1.60 கோடிக்கு விற்கப்போகிறோம். நான் கனடா குடிமகன். என் பாதியை இங்கே கொண்டுவர வரம்பு உண்டா?”

வரம்பு உங்களைத் தொடாது. வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். உங்கள் பங்கு 80 லட்சம் ரூபாய்தான்.

சிக்கல் வரிப் பிடித்தத்தில் வரும். வாங்குபவர் உங்கள் தங்கைக்குப் பிடிக்கும் அதே 1 சதவீதத்தை உங்களுக்கும் பிடித்துவிடுவார். நிறைய பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பிடிக்க வேண்டியது 12.5 சதவீதம், அதற்கு மேல் சர்சார்ஜும் செஸ்ஸும். அதையும் முழுத் தொகையில் பிடித்தால் சர்சார்ஜ், செஸ் இல்லாமலே 10 லட்சம் போகும். அப்பா வாங்கிய விலைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக்கூடிய 2001 ஏப்ரல் மதிப்பில் உங்கள் பாதி 10 லட்சம் என்று வைத்தால் லாபம் 70 லட்சம், அதே கணக்கில் வரி 8.75 லட்சம்தான். ஆகவே பத்திரப்பதிவுக்கு முன்பே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவுக்குப் பிறகு என்றால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்கிலேயே விழட்டும், தங்கை கணக்கு வழியாக வேண்டாம். வங்கி அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், அப்பா வாங்கிய பத்திரம், இப்போதைய கிரயப் பத்திரம் எல்லாம் கேட்கும். கூடவே 15சிஏ, 15சிபி என்று வழக்கத்தில் சொல்லும் படிவமும் ஆடிட்டர் சான்றும். வாரிசுச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.