அடுத்த மாதம் சர்டிபிகேட், இன்றைக்கு அட்வான்ஸ்

கேள்வி: தம்பி, காரைக்குடியில் ஒரே வளாகத்தில் இரண்டு பிளாக். ஏ பிளாக் பூச்சு, டைல்ஸ், லிஃப்ட் எல்லாம் முடிந்து நிற்கிறது. பி பிளாக் இப்போதுதான் இரண்டாவது தளம் ஏறியிருக்கிறது. இரண்டிலும் வீட்டின் அளவு ஒன்றுதான், விலையும் 52 லட்சம்தான். ஆனால் பி பிளாக்குக்கு ஜிஎஸ்டி உண்டாம், ஏ பிளாக்குக்குக் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்துவிட்டால் இல்லையாம். அது அடுத்த மாதம் வந்துவிடும், அதுவரை 1 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து வீட்டைப் பிடித்து வையுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா? ஒரே மாதிரி வீட்டுக்கு ஏன் இரண்டு நியாயம்?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: அந்த 1 லட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள், ஆச்சி. கொடுத்தால் அந்த வீட்டுக்கு 2,60,000 ரூபாய் வரி கட்ட வேண்டிவரும். ஏன் என்பதைச் சொல்கிறேன், இரண்டு நியாயம் எங்கிருந்து வந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். வளவு வீட்டில் உங்களுக்குள்ள பங்கை இன்னொரு பங்காளிக்கு விற்கிறீர்கள். பத்திரம், முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி என்ற பேச்சே வராது. அதே வீட்டின் பின்கட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தரச் சொல்லி, பதிவு பெற்ற கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் போட்டால் அவர் பில்லில் ஜிஎஸ்டி இருக்கும். முன்னது சொத்து கைமாறுவது, பின்னது ஒருவர் உங்களுக்காக வேலை செய்து தருவது.

ஜிஎஸ்டி சட்டம் நிலம் விற்பதையும் கட்டி முடித்த கட்டடத்தை விற்பதையும் மூன்றாம் அட்டவணையில் வைத்து, இவை பொருளும் அல்ல, சேவையும் அல்ல என்று ஒதுக்கிவிட்டது. விற்பதற்காகக் கட்டப்படும் கட்டடம் இரண்டாம் அட்டவணையில் சேவையாக இருக்கிறது. பி பிளாக்கில் நீங்கள் வாங்குவதாக நினைப்பது வீடு. சட்டத்தின் கண்ணில், இனிமேல் எழும்பப்போகும் சுவருக்கும் தளத்துக்கும் நீங்கள் பில்டரிடம் வேலை கொடுத்திருக்கிறீர்கள். ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்திலேயே, 2013-இல், லார்சன் அண்ட் டூப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையைச் சொல்லிவிட்டது: வாங்குபவரோடு ஒப்பந்தம் போட்ட பிறகு நடக்கும் கட்டுமானம்தான் வேலை ஒப்பந்தம், கட்டி முடித்த பிறகு ஒப்பந்தம் போட்டால் அதில் வேலை ஒப்பந்தம் என்பதே இல்லை.

சரி, ‘கட்டி முடித்தது’ என்று எந்த நாளில் சொல்வது? டைல்ஸ் போட்ட நாளா, லிஃப்ட் ஓடிய நாளா? இந்தச் சண்டையே வேண்டாம் என்று சட்டம் ஒரு கோடு போட்டது. கம்ப்ளீஷன் சர்டிபிகேட் தேதி, முதல் குடியேற்றம், இந்த இரண்டில் எது முந்தியதோ அதுதான் கோடு. அந்தக் கோட்டுக்குப் பிறகு முழுத் தொகையும் பெறப்பட்டிருந்தால் மட்டுமே வரி இல்லை. ‘முழு’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கோட்டுக்கு முன்னால் 1 ரூபாய் போயிருந்தாலும் முழுத் தொகையும் பின்னால் வந்ததாக ஆகாது. அப்போது அந்த 1 ரூபாய்க்கு மட்டும் வரி என்று நிற்காமல், மொத்த விலைக்கும் வரி வந்துவிடும்.

உங்கள் கணக்கைப் போடுவோம். விலை 52 லட்சம். 45 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் மலிவு வீட்டுக்கான 1 சதவீதம் உங்களுக்குக் கிடைக்காது, 5 சதவீதம்தான். இந்த மாதம் 1 லட்சம், சர்டிபிகேட் வந்த பிறகு மீதி 51 லட்சம் என்று கொடுத்தால் வரி 2,60,000. ஒரு மாதம் பொறுத்து 52 லட்சத்தையும் சர்டிபிகேட் தேதிக்குப் பிறகு கொடுத்தால் வரி பூஜ்யம். ‘அட்வான்ஸ் இல்லை, டெபாசிட் என்று ரசீது தருகிறோம்’ என்பார்கள். அந்தப் பணம் பிறகு விலையில்தானே கழியப்போகிறது? நாளை அதற்காக வரி அலுவலகத்தில் வாதாடுவதைவிட இன்றைக்குக் கொடுக்காமல் இருப்பது சுலபம். என் மைத்துனர் இப்படித்தான் வெறும் 50,000 கொடுத்து ‘பிடித்து’ வைத்தார். கடைசி பில்லில் முழு விலைக்கும் வரி சேர்ந்து வந்ததைப் பார்த்து, பில்டர் ஏமாற்றிவிட்டதாகக் குதித்தார். ஆனால் பில் சரியாகத்தான் இருந்தது.

பி பிளாக் வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். நடுவில் சர்டிபிகேட் வந்துவிட்டது, கடைசித் தவணைக்கு வரி தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அந்த பில்லில் 7.5 சதவீதம் என்று இருந்தால் பதற வேண்டாம். விலையில் மூன்றில் ஒரு பங்கை நிலத்துக்கென்று கழித்துவிட்டு மீதிக்குப் போடும் வீதம் அது. மொத்த விலைக்குக் கணக்குப் பார்த்தால் அதே 5 சதவீதம்தான் வரும்.

இனி ஏ பிளாக்கில் நீங்கள் பார்க்க வேண்டியது. ‘வந்துவிட்டது’ என்று போனில் சொல்வதை வைத்துப் பணம் அனுப்பாதீர்கள். சர்டிபிகேட்டின் நகலைக் கையில் வாங்குங்கள். அதில் எந்த பிளாக் என்று எழுதியிருக்கிறது, தேதி என்ன, திட்ட அனுமதி எண் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதுதானா என்று பாருங்கள். திட்ட அனுமதியும் கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டும் வேறு வேறு தாள்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவது என்று சொல்லும் விற்பனைப் பையன்கள் உண்டு. கரண்ட் இணைப்பு வந்துவிட்டது என்பதும் சர்டிபிகேட் ஆகாது. ஆர்க்கிடெக்டோ சார்ட்டர்டு இன்ஜினியரோ கொடுத்த கடிதத்தைக் காட்டினால், இந்தக் கட்டடத்துக்கு அரசுத் தரப்பு சர்டிபிகேட் தேவையில்லையா என்று கேளுங்கள். தேவையில்லாத சிறு கட்டடங்களுக்குத்தான் அந்தக் கடிதம் செல்லும். ‘ஏற்கெனவே ஒரு குடும்பம் குடிவந்துவிட்டது, அதனால் வரி இல்லை’ என்ற வாதத்தை மட்டும் நம்பி நான் பணம் கொடுக்கமாட்டேன். குடியேறிய தேதியை நிரூபிப்பது பெரும்பாடு.

வரி இல்லை என்பதற்காக ஏ பிளாக்கில் வரியே கலக்கவில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பர் 21 வரை 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, இப்போது 18. கம்பிக்கு 18. 2019 ஏப்ரல் முதல் வந்த 1, 5 சதவீத முறையில் பில்டர் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் அது அவர் அடக்க விலையில் ஏறி உங்களிடம்தான் வருகிறது. முடிந்த வீட்டுக்கு விலையைக் கூட்டிச் சொல்ல இதுவும் ஒரு காரணம். உங்கள் வளாகத்தில் இரண்டும் 52 லட்சம் என்பதால் ஏ பிளாக் உண்மையாகவே மலிவு. சர்டிபிகேட் வந்த மறுநாள் ‘இப்போது விலை 54.5’ என்று சொன்னால் நீங்கள் மிச்சப்படுத்தியது கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். அதனால் இந்த மாதம் பில்டரிடம் பணமில்லாமல் ஒரு கடிதம் மட்டும் வாங்குங்கள். வீட்டு எண், 52 லட்சம் விலை, சர்டிபிகேட் நகல் கொடுத்து 15 நாளுக்குள் ஒப்பந்தம் போடுவோம் என்ற வாசகம், இவை அதில் இருக்கட்டும். பணம் வாங்காத கடிதம் அவரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது அவர் நாணயத்தைப் பொறுத்தது. அதைக்கூட எழுதித் தர மறுத்தால், அடுத்த மாதம் என்ற அந்தத் தேதியையே நான் சந்தேகப்படுவேன்.