'எதிர்பார்க்கும் சம்பளம்' கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: பி.காம். முடித்து 4 வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் எல்லாம் செய்வேன். சம்பளம் 17,000, பிஎஃப் கிடையாது. மாலையில் நாலைந்து கடைகளுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதில் 3,000 வரும். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று கேட்கிறார்கள். ஒரு இணையதளம் வருடம் 4.2 லட்சம் என்கிறது. மதுரை என்று தேடினால் 3.36 லட்சம். விளம்பரத்தில் 18,000 முதல் 30,000 வரை. அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் 6 வருடமாக இருக்கும் சித்தப்பா மகன், "கைக்கு 21,500 வருது" என்கிறான். எதை நம்புவது, சார்?

பதில்: எதையும் அப்படியே நம்ப வேண்டாம், எதையும் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒருவர் நெல்லுக்கு விலை சொல்கிறார், ஒருவர் அரிசிக்குச் சொல்கிறார், இன்னொருவர் தவிட்டையும் உமியையும் சேர்த்துச் சொல்கிறார். முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் அளவு, மாத மொத்தச் சம்பளம். அதாவது, உங்கள் பங்கு பிஎஃப் பிடிப்பதற்கு முன்னால் சம்பளச் சீட்டில் வரும் தொகை.

இணையதளத்திலிருந்து ஆரம்பிப்போம். 4.2 லட்சம் என்பதை மறந்துவிடலாம். அதில் பெங்களூரும் சென்னையும் கலந்திருக்கும், 10 வருட அனுபவக்காரர்களும் கலந்திருப்பார்கள். மதுரைக்குக் காட்டும் 3.36 லட்சம் நமக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் இந்தத் தளங்களில் தொகைக்குப் பக்கத்திலேயே, எத்தனை பேர் சொன்னதை வைத்து இது வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நாலைந்து பேர்தான் என்றால் அது வெறும் காற்றுவாக்குச் சேதி. நாற்பது, ஐம்பது பேர் என்றால் காது கொடுக்கலாம். அனுபவத்தை 3 முதல் 5 வருடம் என்று குறுக்கியும் பாருங்கள். சராசரியை விட, கீழ் எல்லை, மேல் எல்லை எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது மேல். ஒரே ஒரு பெரிய சம்பளக்காரர் வந்து சேர்ந்தாலும் சராசரி ஏறிவிடும்.

அடுத்தது, அந்தத் தொகை பெரும்பாலும் சிடிசி. கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தப் பணம் அது. கைக்கு வராததும் அதில் அடக்கம். 3.36 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 28,000. அடிப்படைச் சம்பளம் 13,000 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,560 ரூபாய். கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 625 ரூபாய். போனஸ், இன்ஷூரன்ஸ் என்று இன்னொரு 1,300 வாக்கில் போகும். மீதி 24,500. இதுதான் மொத்தச் சம்பளம். இதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,560, தொழில் வரி மாதத்துக்கு 200 ரூபாய் வாக்கில் போனால் கைக்கு வருவது 22,700. 28,000-க்கும் 22,700-க்கும் நடுவில் கிடப்பது 5,000 ரூபாய்க்கு மேல். உங்களைக் குழப்பியதில் பாதி இந்த இடைவெளிதான்.

இப்போது தம்பி சொன்ன கணக்கு. கைக்கு 21,500 என்றால், பிஎஃபும் தொழில் வரியும் சேர்த்து மொத்தச் சம்பளம் 23,200 பக்கம் வரும். அதில் ஓவர்டைம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டோர்ஸில் மாதக் கடைசியில், ஸ்டாக் எடுக்கும் சமயத்தில் ஓவர்டைம் சகஜம். அக்கவுண்ட்ஸில் இருட்டும் வரை உட்கார்ந்தாலும் அதற்குத் தனிக் காசு வருவது அபூர்வம். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடிக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தத்தில் அவனிடம் தொகையைக் கேட்பதை விட, ஒரு மாதச் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்வது நல்லது. தம்பிதானே, காட்டுவான். அந்தக் கம்பெனி அடிப்படைச் சம்பளத்தை எந்த விகிதத்தில் வைக்கிறது, எதையெல்லாம் பிடிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். தொகையை விட அந்தப் பிரிப்புதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

அவன் தொகையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 6 வருடத்துக்கு முன்னால் சேர்ந்தவன், வருடா வருடம் சின்னச் சின்ன உயர்வு வாங்கியே இங்கே வந்திருப்பான். வெளியிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும்போது கம்பெனி இன்றைய விலையைத்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் பழைய ஆளை விடப் புது ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கூட இருப்பது ஊரறிந்த சங்கதி. 6 வருடம் பார்த்தவனுக்கே இவ்வளவுதான் என்றால் நமக்கு இதை விடக் குறைவாகத்தானே தருவார்கள் என்று நீங்களே இறங்கிவிடக் கூடாது.

விளம்பரத்தில் போட்ட 18,000–30,000 அகலமான வலை. கீழ் எல்லை புதிதாகப் படித்து முடித்தவருக்கு. மேல் எல்லை, அவர்கள் கேட்டதெல்லாம் தெரிந்த ஆளுக்கு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தொகையில் தெரியாது, வேலை விவரத்தில்தான் தெரியும். பில் என்ட்ரி, வவுச்சர், பேங்க் ரிகன்சிலியேஷன் என்று மட்டும் இருந்தால் பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் அது 20,000 பக்கத்து வேலை. ஜிஎஸ்டிஆர்-3பி, டிடிஎஸ் ரிட்டர்ன், ஆடிட்டை எதிர்கொள்வது, வருடக் கணக்கை முடிப்பது என்று இருந்தால் உங்கள் கை அங்கே ஓங்கும். எஸ்ஏபி மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களா என்று தனியாகப் பாருங்கள்.

ஒரு விளம்பரம் போதாது. தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்தில் (tnprivatejobs.tn.gov.in) திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை மாவட்டங்களில் இதே மாதிரி வேலையைத் தேடினால், சம்பளம் போட்ட விளம்பரங்கள் சில கிடைக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாமுக்கு ஒரு நடை போய்வந்தாலும் வீண் இல்லை. மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஹெச்ஆர் ஆட்களிடம் நேரடியாகவே கேட்கலாம், அவர்களும் சொல்வார்கள். எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே காலியிடத்தை மூன்று கன்சல்டன்சிகள் மூன்று பெயரில் போட்டிருக்கும். வாசகம் ஒரே மாதிரி இருந்தால் மூன்றும் சேர்ந்து ஒன்றுதான். ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தச் சம்பளத்துக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். உங்களிடம் பணம் கேட்கும் விளம்பரத்தை மூடிவிடுங்கள், அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

பிறகு, ஆட்களிடம் கேட்பது. "உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், திறந்தாலும் கூட்டியோ குறைத்தோதான் வரும். "4 வருடம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவரை எடுத்தால் எவ்வளவில் ஆரம்பிப்பார்கள்? 24 தருவார்களா?" என்று ஒரு தொகையை நீங்களே வைத்துக் கேளுங்கள். சம்பளத்தைச் சொல்லத் தயங்குகிறவர்கூடத் தப்பான தொகையைத் திருத்தாமல் இருக்க மாட்டார். உங்கள் பெயரைச் சொல்லாமல், ஆள் எடுத்துக் கொடுக்கிற நம்ம ஊர் கன்சல்டன்சிக்காரர் ஒருவரிடம் இப்படித்தான் கேட்டேன். "டேலி மட்டும்னா 22-க்கு மேல தரமாட்டாவ அண்ணாச்சி. எஸ்ஏபி கொஞ்சம் தெரிஞ்சிருந்தா 26 வரை பேசலாம்," என்றார். அவரும் முழுச் சாட்சி இல்லை. ஆளைச் சீக்கிரம் சேர்த்துவிட வேண்டும் என்பதால், கம்பெனி எளிதில் ஒத்துக்கொள்ளும் தொகையைத்தான் அவர் வாய் சொல்லும். எனவே அவர் சொல்வது கொஞ்சம் தாழவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிற உங்கள் கைக்குக் கிளையன்ட் கம்பெனிகளின் சம்பளப் பதிவேடு வரும். விண்ணப்பிக்கிற கம்பெனியே உங்கள் கிளையன்ட்டாகக்கூட இருக்கலாம். அதைப் புரட்டிப் பார்க்காதீர்கள். தப்பு என்பது ஒரு பக்கம். நேர்காணலில் அதில் பார்த்த தொகையை வாய் தவறி விட்டால், நாளைக்கு நம் கணக்கையும் வெளியில் சொல்வார் என்று உங்களை அங்கேயே கழித்துவிடுவார்கள்.

சரி, ஒரே அளவில் வரிசையாக வைப்போம். இணையதளம் 24,500. தம்பி 23,200, ஆனால் வேறு பிரிவு, பழைய ஆள். கன்சல்டன்சிக்காரர் 22,000 முதல் 26,000. விளம்பரத்தின் நடுப்பகுதியும் இதற்குள் விழுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூலங்கள் இவ்வளவு நெருங்கி வந்தால், 22,500 முதல் 26,000 வரை என்று தைரியமாகச் சொல்லலாம். ஏதாவது ஒன்று 35,000 என்று தனியாக நின்றிருந்தால், அதையும் கூட்டிச் சராசரி போட்டிருக்க மாட்டேன். ஊர், அனுபவம், சிடிசி, வேலை விவரம் என்ற நாலில் எது மாறியிருக்கிறது என்று தேடியிருப்பேன். பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில் காரணம் கிடைத்துவிடும்.

இனி உங்கள் கீழ் எல்லை. இன்று கைக்கு 17,000-மும் மாலை வேலையின் 3,000-மும் சேர்த்து 20,000. மதுரை ரோட்டில் தினமும் போய்வந்த பிறகு அந்த மாலை வேலை தொடராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு 20,000 வேண்டுமென்றால் மொத்தச் சம்பளம் 21,700 ஆவது இருக்க வேண்டும். 22,000-க்குக் கீழே போனால், பிஎஃப் சேருகிறது என்பதைத் தவிர இன்றைய நிலைதான். இங்கே ஒரு நெளிவு உண்டு. மொத்தச் சம்பளம் 21,000 வரை இஎஸ்ஐ வரம்புக்குள் வரும், 0.75 சதவீதம் பிடித்துக்கொண்டு குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவார்கள். 21,000-ஐத் தாண்டியதும் அது கிடையாது. ஆகவே 21,500 என்று வந்தால், கம்பெனி மருத்துவ இன்ஷூரன்ஸ் தருகிறதா, பெற்றோரையும் சேர்ப்பார்களா என்று கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

இப்போது வாங்குவது எவ்வளவு என்று கேட்டால் 17,000 என்று உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே, அதில் பிஎஃப், போனஸ் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதன் மேல் 20 சதவீதம் போட்டு 20,400 என்று முடித்துவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் மாதச் சம்பளம் கேட்டிருந்தால் 26,000 என்று எழுதி, இடமிருந்தால் 'மொத்தச் சம்பளம், பேச்சுக்கு உட்பட்டது' என்று சேருங்கள். எஸ்ஏபி கட்டாயம் என்று விளம்பரத்தில் இருந்து, உங்களுக்கு அது தெரியாது என்றால் 24,500 போதும். வருட சிடிசி என்று கேட்டிருந்தால் 26,000-ஐ 12-ஆல் பெருக்கி 3.12 லட்சம் என்று எழுதிவிடாதீர்கள். கம்பெனி பங்கு பிஎஃப், கிராஜுவிட்டி, போனஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து அது மூன்றரை லட்சம் வரும். அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது 3,50,000.