சேற்றுப் பாதையில் டயர் காற்றைக் குறைப்பது ஏன்?

"செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் போகும்போது டயர் காற்றை இறக்கச் சொல்கிறார்களே, ஏன்? திரும்ப எப்போது அடிப்பது?"

காற்று குறைந்தால் டயர் தரையில் படியும் இடம் நீளும். வண்டியின் எடை பரவுவதால் சக்கரம் அவ்வளவாகப் புதையாது. பிசைந்த மாவில் விரல் நுனியை அழுத்தினால் குழி விழும், உள்ளங்கையை வைத்தால் விழாது. அதே கதைதான்.

பினாங்கின் பாலேக் பூலாவ் பக்கம் மழைக்குப் பிறகு ஒரு மண்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக டயரில் 220 கேபிஏ காற்றழுத்தம் உள்ள நான்கு சக்கர டிரைவ் வண்டிக்கு 150 போதும். மணலுக்கு இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ஆனால் மெதுவாகப் போங்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். டயர் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும்.

தார் ரோடு வந்ததும், வேகமெடுக்கும் முன்பே காற்றடிக்க வேண்டும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து சூடேறும், வேகத்தில் வெடிக்கலாம். அதனால் சிகரெட் லைட்டரில் செருகும் சின்னப் பம்பு கையில் இருப்பது நல்லது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றளவு ஆறிய டயருக்கானது. சரி, அடித்தாயிற்றா? மறுநாள் காலை, டயர் ஆறியபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், டயர் அகலமாவதால்தான் பிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், பெரும்பாலும் நீள்வது நீளமே.