அம்மா காத்திருக்கவில்லை, தம்பி

"அப்புத்தளையில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். விருந்தினர் போன அன்றிரவே நன்றி மெயில் போடுவேன். ரிவியூ வராவிட்டால் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நினைவூட்டுவேன். சமையல் அம்மாதான், அதனால் 'எங்கள் அம்மா உங்கள் ஐந்து நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கிறார்' என்று கடைசியில் சேர்ப்பேன். அம்மாவுக்கு இந்த மெயில் எல்லாம் தெரியாது. பத்துப் பேரில் ஒருவர்கூட எழுதுவதில்லை. வற்புறுத்தாமல் எப்படிக் கேட்பது?"

அம்மாவுக்குத் தெரியாது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்துக் கொடுக்கிற ஒரு பெண்ணை, அவருக்கே தெரியாமல், முன்பின் தெரியாதவர்களிடம் நட்சத்திரம் கேட்டுக் கையேந்த வைக்கிறீர்கள். காத்திருப்பது நீங்கள். அதை உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள்.

ரிவியூ வராததற்கும் அந்த வரி ஒரு காரணம் என்பேன். நுவரெலியாவில் ஒரு வீட்டில் நானும் தங்கியிருக்கிறேன். இரண்டு நாளும் குளிக்கச் சுடுதண்ணீர் வரவில்லை. வீடு திரும்பிய பிறகு எனக்கு வந்த மெயிலில் "எங்கள் அப்பா மனம் உடைந்துபோவார்" என்று இருந்தது. உண்மையை எழுதினால் ஒரு முதியவர் நோவார், பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. மெயிலை அழித்துவிட்டேன். அந்த வீட்டுக்காரருக்கு கீசர் கெட்டது இன்றுவரை தெரியாமலே இருக்கலாம்.

சரி, மெயிலுக்கு வருவோம். அன்றிரவு அனுப்பாதீர்கள். உங்கள் விருந்தினர் அப்போது ரயிலிலோ அடுத்த ஊரில் பெட்டியைத் திறந்துகொண்டோ இருப்பார். மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள் காலை போதும். ஒரே ஒரு தடவை. Booking.com வழியாக வந்தவருக்கு அந்தத் தளமே ரிவியூ கேட்டு மெயில் அனுப்பிவிடும், அவருக்கு எழுத மூன்று மாத அவகாசமும் உண்டு. Airbnb-இல் 14 நாள், அங்கேயும் தளமே கேட்கும். ஆக உங்கள் முதல் மெயிலே அவருக்கு இரண்டாவது வேண்டுகோள். மூன்றாம் நாள், ஏழாம் நாள் எல்லாம் கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இரண்டு இரவு தங்கியது என்று வையுங்கள். லிப்டன் சீட் ஏறியும் மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். எங்கள் வீட்டில் தங்கியதற்கு நன்றி. லிப்டன் சீட்டில் பனி மறைத்துவிட்டதே என்று எங்களுக்கும் குறைதான். சின்னவருக்கு இருமல் குறைந்ததா? அறையிலோ சாப்பாட்டிலோ நாங்கள் மாற்ற வேண்டியது ஏதும் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள், நானே வாசிப்பேன். அடுத்து வருபவர்களுக்காகப் பொதுவில் இரண்டு வரி எழுத நினைத்தால் லிங்க் கீழே இருக்கிறது. எழுதாவிட்டாலும் ஒன்றுமில்லை."

அவ்வளவுதான். நட்சத்திரக் கணக்கு இல்லை. லிங்க் ஒன்றே ஒன்று, நாலு தளத்துக்கும் நாலு கொடுத்தால் ஒன்றையும் தொடமாட்டார்கள். பனியும் இருமலும் அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே பொருந்துகிற செய்தி, அதனால்தான் வாசிப்பார்கள். அதற்கு நீங்கள் அவர்களோடு பேசியிருக்க வேண்டும். பேசவில்லையென்றால் வெறும் நன்றி சொல்லுங்கள், கதை கட்டாதீர்கள்.

இன்னொரு குறுக்குவழி உங்களுக்கும் தோன்றும்: முதலில் "திருப்தியா?" என்று கேட்டு, ஆம் என்றவருக்கு மட்டும் லிங்க் கொடுப்பது. Google இதைத் தடை செய்திருக்கிறது. ரிவியூவுக்குக் கைமாறாக விலைக்கழிவு கொடுப்பதையும்தான். குறை சொல்லக்கூடியவருக்கும் அதே மெயில், அதே லிங்க் போகட்டும்.

அவர் "இரண்டாம் நாள் சுடுதண்ணீர் வரவில்லை" என்று பதில் போட்டால், முதலில் கீசரைப் பாருங்கள். பிறகு என்ன கெட்டது, எப்போது சரி செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த மெயிலில் மறுபடியும் ரிவியூ கேட்காதீர்கள். சமையலைப் பற்றிய குறை என்றால் அம்மாவிடம் தனியாக, பக்குவமாகச் சொல்வது மகனுடைய வேலை. பாராட்டு வந்தால் அடுப்படியில் நின்று சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு மெயில் தெரியாதுதான், தமிழ் தெரியுமே. (மாதா மாதம் அவர் கையில் ஏதாவது கொடுக்கிறீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.)

அடுத்த மெயிலை அனுப்பும் முன் அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "நான் எப்போடா அப்படிச் சொன்னேன்?" என்று எந்த இடத்தில் கேட்கிறாரோ, அந்த வரியை அடித்துவிட்டு அனுப்புங்கள்.