சாப்பிட்டது எத்தனை மணிக்கு?

இரவு 9 மணிக்கு பரோட்டா, சால்னா. 11 மணிக்கே வாந்தி ஆரம்பித்து ஐந்தாறு தடவை போனது. காலையில் சரியாகிவிட்டது. சால்னா கொதித்துக்கொண்டுதான் இருந்தது, அப்புறம் எப்படி? (திருமங்கலம்)

மணியைக் குறித்து எழுதியதற்கு நன்றி. இரண்டு மணி நேரத்தில் வாந்தி என்றால், பெரும்பாலும் கிருமி உங்கள் வயிற்றில் வளரவில்லை. உணவிலேயே வளர்ந்து விஷத்தைக் கக்கிவிட்டிருக்கிறது. சமைப்பவர் கையில் இருக்கும் சீழ்ப்புண்ணிலிருந்தே அது வரலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அந்த விஷம் அழியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

குழந்தைக்கு மூன்று வயது. ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் வாந்தி எடுக்கிறது. (அண்ணா நகர்)

டம்ளரோடு கொடுத்திருப்பீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அத்தனையில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதியைக் கொட்டிவிட்டுக் குத்துமதிப்பாகக் கரைக்காதீர்கள். அப்படியும் எதுவும் தங்கவில்லை, ஆறு மணி நேரமாக சிறுநீர் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

கோயில் கிடாவெட்டுக்குப் போனோம். மதியம் ஒரு மணிக்குக் கறிச்சோறு. திரும்பும்போது மதுரையில் ஏழு மணிக்கு ஜிகர்தண்டா குடித்தோம். நள்ளிரவு ஒரு மணியிலிருந்து வயிறு முறுக்கி பேதி. வாந்தி, காய்ச்சல் இல்லை. வீட்டில் ஆறு பேருக்கு. ஜிகர்தண்டா கடைக்காரரைக் கேட்கலாமா? (மேலூர்)

அவரை விட்டுவிடுங்கள். கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழியைப் போடுவது நம் ஊர் வழக்கம். முப்பது வருடமாக என் மேஜைக்கு முன்னால் இதே வழக்குதான் நடக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வீட்டுக்குப் பார்சல் கறி மட்டும் சாப்பிட்ட அம்மாவுக்கும் பேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஜிகர்தண்டாவைத் தொடவே இல்லை. விடிகாலை நாலரைக்கு அண்டாவிலிருந்து சுடச்சுடச் சாப்பிட்ட சமையல்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே குழம்பு, அதே கறி. நடுவில் போனது எட்டரை மணி நேரம்.

கறியில் ஒட்டி வரும் ஒருவகைக் கிருமி, விதை மாதிரி உறைக்குள் ஒளிந்துகொண்டு கொதியையும் தாங்கும். அடுப்பை அணைத்து மூடி வைத்த பெரிய அண்டா லேசில் ஆறாது. உள்ளே வெதுவெதுப்பு மணிக்கணக்கில் நிற்கும், காற்றும் இருக்காது. விதை முளைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். குழம்பு புளிக்காது, நாறாது, ருசியும் மாறாது. சாப்பிட்ட பிறகு குடலுக்குள் போய் விஷத்தை விடும். அதற்குச் சுமார் எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் பிடிக்கும். உங்களுக்குப் பன்னிரண்டு. வாந்தி, காய்ச்சல் இல்லாமல் முறுக்கலும் பேதியுமாக வந்து ஒரு நாளில் ஓய்வதும் இதன் குணம்.

திருமங்கலத்துக்காரருக்குச் சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கொதிக்க வைத்துப் பயனில்லை. இங்கே பரிமாறும் முன் குழம்பை அடிவரை கிளறித் தளதளவென்று கொதிக்க விட்டிருந்தால் கிருமி செத்திருக்கும். லேசாகச் சூடு காட்டுவது மட்டும் கூடாது, அது வளர்ப்பதற்குச் சமம். அடுத்த வருடம் குழம்பை ஆழமில்லாத சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆற்றச் சொல்லுங்கள். அல்லது சாப்பாட்டு நேரம் வரை அடுப்பிலேயே நல்ல சூட்டில் வையுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது, சர்க்கரையும் உண்டு என்கிறீர்கள். அவர் எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறதா, சிறுநீர் குறைந்ததா? அப்படியானால் ஒரு நாளில் ஓயும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. பேதி நிற்க என்ன மாத்திரை? (ஊர் எழுதவில்லை)

ஊரும் இல்லை, வயதும் இல்லை, எப்போது சாப்பிட்டீர்கள் என்பதும் இல்லை. மாத்திரைப் பெயர் மட்டும் வேண்டும்! மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டால், வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டி வைக்கிறீர்கள். ரத்தம், 102-க்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, மூன்று நாள் தாண்டிய பேதி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். கண் இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். எதுவும் இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும்.

நேற்று முன்தினம் பிரியாணி, இன்று மஞ்சள் காமாலை. பிரியாணிதானே? (உசிலம்பட்டி)

இல்லை. உணவு, தண்ணீரால் வரும் காமாலை என்றால் உள்ளே போய்க் குறைந்தது இரண்டு வாரம் ஆகியிருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம். போன மாதம் எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று யோசியுங்கள். எதுவானாலும் காமாலைக்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். விடாமல் வாந்தியோ, பேச்சில் தடுமாற்றமோ, அசாதாரணத் தூக்கமோ இருந்தால் இன்றைக்கே.